கோடிட்ட இடங்களை நிரப்புதல்: ஒரு கொலு அழைப்பும் அதன் நேரங்களும்

மும்பை செம்பூரில் பல மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒவ்வோர் ஆண்டும் மகாளய அமாவாசையை ஒட்டி ஒரு தாள் ஒட்டப்படுகிறது. ஆறாம் மாடியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கொலு அழைப்பு அது. ஆண்டுகள் பல கடந்தும் அதன் வாசகம் பெரிதாக மாறியதில்லை. குடும்பத்தார் மூலப்படியைக் கோடிட்ட இடங்களுடன் வைத்திருந்து, அந்தந்த ஆண்டில் நிரப்பிக்கொள்கிறார்கள். மூலப்படி இதுதான்:

"எங்கள் இல்லத்தில் ______ முதல் ______ வரை நவராத்திரிக் கொலு வைத்துள்ளோம். நாள்தோறும் மாலை ______ மணி முதல் ______ மணி வரை அண்டை வீட்டார் அனைவரும் குடும்பத்துடன் வந்து கொலுவைக் கண்டு தாம்பூலம் பெற்றுச் செல்ல வேண்டுகிறோம். ______ கிழமை மட்டும் ______ மணிக்குப் பிறகு வரவும். ______ அன்று நாங்கள் வீட்டில் இருக்க இயலாது."

மொத்தம் ஏழு கோடிட்ட இடங்கள். சொற்கள் ஆண்டுதோறும் அப்படியே இருக்க, எண்கள் மட்டுமே மாறுகின்றன. ஆனால் அந்த வீட்டுக் கொலுவுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பதைத் தீர்மானித்தவை அந்த எண்களே. "அனைவரும்" என்று எழுதுவது எளிது. "மாலை 5.30 முதல் 7.30 வரை" என்று அதன் அருகே எழுதிய கணத்திலேயே அந்த "அனைவரும்" சுருங்கிவிடுகிறது. அக்குடும்பம் இதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு கோடிட்ட இடமும் ஒவ்வொரு காரணத்தால் தவறாக நிரம்பியிருந்தது.

முதல் தவறு சூரியனைப் பற்றியது. மூலப்படி மும்பையில் பிறந்ததன்று. குடும்பத்தின் மூத்த அம்மையார் மணமாகிச் சென்ற கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பகுதியில் வாழ்ந்த காலத்தில் அவரது கணவர் கையால் எழுதியது. அங்கே கொலு நேரம் மாலை 5.30 முதல் 7.30 வரை. மகனின் வேலை நிமித்தம் 2012-இல் மும்பைக்குக் குடிபெயர்ந்தபோது பொம்மைப் பெட்டிகளோடு அந்த வாசகமும் வந்தது. நேரமும் மாற்றமின்றி வந்தது. அவ்வாண்டு நவராத்திரி அக்டோபர் நடுவில் அமைந்தது. முதல் நாள் 5.30 மணிக்குக் கதவு திறந்திருந்தது, யாரும் வரவில்லை. மேற்கு நோக்கிய கூடத்தில் வெயில் படிகளின் மீது நேராக விழுந்துகொண்டிருந்தது. விளக்கேற்றும் பொழுது வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

காரணம் எளிய புவியியல். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையைக் கொண்டு அமைந்தது. கொல்கத்தா அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 6 பாகையிலும், மும்பை மேற்கே ஏறத்தாழ 10 பாகையிலும் உள்ளன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கொண்டால், இரு நகரங்களுக்கும் இடையே சூரியனின் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியான வேறுபாடு உண்டு. அக்டோபர் நடுவில் கொல்கத்தாவில் சூரியன் 5.15-ஐ ஒட்டி மறைகிறது; மும்பையில் 6.15 ஆகிறது. கொல்கத்தாவில் 5.30 என்பது விளக்கேற்றி முடிந்த அந்திப் பொழுது. மும்பையில் அதே 5.30 பிற்பகலின் எச்சம். மணி ஒன்றே, வேளை வேறு. கொலு அழைப்பில் "மாலை" என்ற சொல் குறிப்பது கடிகாரத்தின் ஓர் எண்ணை அன்று. விளக்கேற்றிய பின்னான வேளையை. ஊர் மாறும்போது எண்ணை எடுத்துச் சென்றால் வேளை பின்தங்கிவிடும்.

இதைக் குடும்பம் ஒரு விதியாக எழுதி மூலப்படியின் ஓரத்தில் குறித்துக்கொண்டது: அந்தந்த ஊரில், அந்தந்த ஆண்டின் முதல் நாளில் சூரியன் மறையும் நேரத்தோடு கால் மணி நேரம் சேர்த்துத் தொடக்க நேரத்தை நிரப்ப வேண்டும். முதல் நாளின் மறைவைக் கொள்வதற்கும் காரணம் உண்டு. நவராத்திரி வருவது பகல் குறுகிவரும் பருவத்தில். பத்து நாளைக்குள் மும்பையில் சூரியமறைவு ஏறத்தாழ எட்டு நிமிடம் முன்னே நகர்கிறது. முதல் நாளுக்குப் பொருந்திய நேரம் கடைசி நாளுக்கும் தாழ்வின்றிப் பொருந்தும். கடைசி நாளைக் கொண்டு கணித்தால் முதல் நாள்களில் விளக்கேற்றும் முன்பே விருந்தினர் வந்து நிற்பர்.

இரண்டாவது தவறு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. இது சற்று நுட்பமானது. "______ கிழமை மட்டும் ______ மணிக்குப் பிறகு வரவும்" என்ற தொடரில் ஆண்டுதோறும் "ஞாயிற்றுக்" என்றும் "6" என்றும் நிரப்பி வந்தார்கள். ஞாயிறன்று இராகு காலம் 4.30 முதல் 6 வரை என்று நாட்காட்டியில் அச்சிட்டிருப்பதே அதற்கு ஆதாரம். அந்த வேளையில் கொலுவுக்கு அழைப்பதில் அம்மையாருக்கு உடன்பாடில்லை.

ஆனால் அச்சிட்ட நேரம் எங்கிருந்து வருகிறது? பகல் பொழுதை எட்டுச் சம பாகங்களாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பாகத்தை இராகு காலமாகக் கொள்வது மரபு. காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு மறைவு என்று பொதுமைப்படுத்தினால் ஒவ்வொரு பாகமும் ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்குரியது எட்டாவது, அதாவது கடைசிப் பாகம், ஆகவே 4.30 முதல் 6. கடைசிப் பாகம் என்பதன் பொருள், அது சூரியமறைவோடு முடிகிறது என்பதே. உள்ளூர் உதயத்தைக் கொண்டு கணக்கிட்டால், செப்டம்பர் இறுதியில் மும்பையில் அது ஏறத்தாழ 5 முதல் 6.30 வரை அமையும். கொல்கத்தாவில் 5.30-க்கு முன்பே முடிந்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு, கல்லூரியில் படிக்கும் பேத்தி தாளும் பென்சிலும் கொண்டு பாட்டிக்குக் காட்டியது. சூரியன் மறைந்த பிறகே கதவைத் திறக்கும் வீட்டுக்கு, எந்த ஊராயினும், ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி விலக்கு வேண்டியதில்லை. இராகு காலம் அதற்குள் முடிந்திருக்கும். கொல்கத்தாவில் அந்த விலக்கு தேவைப்பட்டதாகத் தோன்றியதற்கு, உள்ளூர்ச் சூரியனைக் கொண்டு மாலையையும் அச்சிட்ட எண்ணைக் கொண்டு இராகு காலத்தையும் நிர்ணயித்ததே காரணம். இரண்டு அளவுகோல்கள் ஒரே தாளில் மோதிக்கொண்டன. மும்பையிலோ முரண் இன்னும் விநோதமானது. 6 மணிக்குப் பிறகு என்று எழுதிய அந்த விலக்கே, கணித்த இராகு காலத்தின் கடைசி அரைமணிக்குள் விருந்தினரை அழைத்துக்கொண்டிருந்தது. அம்மையார் கணக்கை இருமுறை சரிபார்த்தபின், "அப்படியானால் ஞாயிற்றை எடுத்துவிடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் செல்வோர் எல்லாரும் வீட்டில் இருக்கும் ஒரே நாள் என்பது அவருக்குத் தெரியாததன்று.

மூன்றாவது சிக்கல் நாள்களின் எண்ணிக்கையில் எழுந்தது. நவராத்திரி என்றால் ஒன்பது இரவுகள்; ஆகவே நாள்வாரியாகச் சுண்டல், நிவேதனம், பாடல் ஆகியவற்றை எழுதி வைக்கும் பட்டியலில் ஒன்பது வரிசைகள் இருந்தன. 2025-இல் நவராத்திரி செப்டம்பர் 22, திங்கட்கிழமை தொடங்கியது; ஆயுத பூசை அக்டோபர் 1, புதன்கிழமை; விசயதசமி அக்டோபர் 2. எண்ணிப் பார்த்தால் விசயதசமிக்கு முன் பத்து மாலைகள். திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை விரிவதற்கு ஆகும் காலம். அது நம் நாளோடு ஒத்துப்போவதில்லை. சில சமயம் ஒரே திதி இரண்டு உதயங்களைத் தொட்டு நிற்கும். சில சமயம் எந்த உதயத்தையும் தொடாமலே கழிந்துவிடும். அவ்வாண்டு ஒரு திதி இரண்டு உதயங்களைத் தொட்டதால் ஒரு மாலை கூடியது. முதல் இரண்டு கோடிட்ட இடங்களில் தொடக்க நாளை மட்டும் எழுதி, அதிலிருந்து ஒன்பது நாள் எண்ணி முடிவு நாளைக் குறிப்பவர்கள் அவ்வாண்டு செப்டம்பர் 30 என்று எழுதியிருப்பார்கள். சரசுவதி பூசையன்று வர விரும்பியவர் கதவு மூடியிருக்கும் என்று எண்ணியிருப்பார். இரு நாள்களையும் பஞ்சாங்கம் பார்த்துத் தனித்தனியே நிரப்ப வேண்டும் என்பதே இதன் பாடம்.

இதுவரை கூறியவை வானத்தைச் சார்ந்தவை. இனி வருபவை மனிதரைச் சார்ந்தவை. இங்கே கணக்கு எளிது, முடிவெடுப்பதுதான் கடினம்.

அம்மையார் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். வந்தவர், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று அன்றன்று இரவு எழுதுவது அவர் வழக்கம். மறுநாள் எத்தனை தாம்பூலப் பைகள் கட்டுவது என்பதற்காகத் தொடங்கிய கணக்கு அது. 2024-ஆம் ஆண்டின் பக்கங்களைப் பேத்தி மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு வடிவம் தெரிந்தது. அறிவித்த நேரம் 6.30 முதல் 8 வரை. முதல் முக்கால் மணி நேரத்தில் முதியவர்களும் பள்ளிக் குழந்தைகளும் மட்டும் வந்திருந்தனர். 7.30-க்குப் பிறகு கூடத்தில் நிற்க இடமில்லை. அலுவலகம் முடிந்து மின்தொடர்வண்டியில் ஊர்ந்து வரும் பெண்கள் வீடு சேரும் வேளை அது. இன்னும் சிலர் 8.15-க்கு மணியடித்து, கதவைத் திறந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பியிருந்தனர். குறிப்பேட்டின் ஓரத்தில் அவர்கள் "நாளை வருவதாகச் சொன்னார்" என்று பதிவாகியிருந்தனர். அடுத்த நாள்களின் பக்கங்களில் அவர்களது பெயர்கள் இல்லை. ஓர் அழைப்பின் நேரம் தவறியிருக்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு வேண்டியதில்லை: மீண்டும் வருவதாகச் சொல்லி வராதவர்களின் பட்டியல்.

முடிவு நேரம் ஏன் 8 மணி? அதற்கு அப்பால் நீட்டுவதில் ஓர் உண்மையான தடை இருந்தது. எட்டு மணியளவில் கீழே முற்றத்தில் குசராத்தி அண்டை வீட்டார் கர்பா ஆடத் தொடங்குகின்றனர். ஒலிபெருக்கி முழங்கும்போது கொலுவின் முன் பாடுவது இயலாது. ஆனால் தடை பாட்டுக்கு மட்டுமே, வருகைக்கு அன்று. பாட வருபவரை 8 மணிக்கு முன் வரச் சொல்லி, கதவை 8.45 வரை திறந்து வைக்கலாம். இந்த வேறுபாட்டை எண்ணாமல் இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்திருந்தனர்.

அதே குறிப்பேடு மற்றொன்றையும் காட்டியது. அந்த வீட்டில் பாத்திரம் துலக்கி, தரை துடைக்கும் பெண்மணி பன்னிரண்டு ஆண்டுகளாக வருபவர். பொம்மைப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்குபவர் அவர். படிகளுக்கான பலகைகளைத் துடைப்பவரும் அவரே. "அனைவரும் குடும்பத்துடன்" என்ற அழைப்பின் கீழ் அவர் பெயர் ஒரு முறைகூடக் குறிப்பேட்டில் இல்லை. அதே கட்டடத்தில் நான்கு வீடுகளில் வேலை முடித்து 4.30 மணிக்கு அவர் கிளம்பிவிடுகிறார். விளக்கேற்றும் நேரத்தில் அவர் தம் வீட்டு அடுப்பின் முன் இருப்பார். அவருக்குரிய தாம்பூலமும் முந்தின நாள் சுண்டலும் மறுநாள் காலை சமையலறையில் கையளிக்கப்பட்டன. யாரும் அவரை விலக்கவில்லை, எண் விலக்கியது. யாரும் விலக்கவில்லை என்பதனாலேயே அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அம்மையாரின் முதல் தயக்கம், விளக்கேற்றுமுன் தாம்பூலம் தருவது எப்படி என்பது. அந்தத் தயக்கம் நெடுநேரம் நிற்கவில்லை. கொலுவில் காலையிலும் விளக்கேற்றிக் கலசத்துக்குப் பூசை நடக்கிறது. நிவேதனம் காலையிலேயே ஆகிவிடுகிறது. மாலையில் அழைப்பது வசதியும் வழக்கமும் சேர்ந்து உண்டாக்கியது. எனவே 2025-இல் தாளில் புதிய வரி ஒன்று சேர்ந்தது: "பிற்பகல் 3.30 முதல் 4.30 வரையும் வரலாம்." இப்போது "______ கிழமை மட்டும்" என்ற பழைய கோடிட்ட இடத்துக்கு வேறு வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமையின் இராகு காலம் பகலின் ஏழாம் பாகம். மும்பையில் அது சரியாக அந்தப் பிற்பகல் நேரத்தின் மீது, ஏறத்தாழ 3.30 முதல் 5 வரை, அமைகிறது. மற்ற கிழமைகளில் மோதல் இல்லை. ஆகவே ஞாயிறு இருந்த இடத்தில் செவ்வாய் அமர்ந்தது. பிற்பகல் வரிக்கு மட்டும் விலக்கு.

சுண்டலிலும் இதற்கேற்ப ஒரு மாற்றம் வேண்டியிருந்தது. முன்பெல்லாம் முந்தின இரவு ஊறவைத்த கடலையைக் காலையில் வேகவைத்து, பிற்பகலில் தாளித்துத் தேங்காய்த் துருவல் கலந்து வைப்பார்கள். செப்டம்பர் இறுதியின் மும்பைப் புழுக்கத்தில் தேங்காய் கலந்த சுண்டல் இரவு வரை தாங்காது. முதலில் பிசுபிசுப்பு தோன்றும், பிறகு புளித்த வாடை வரும். கதவு 3.30-க்குத் திறந்து 8.45-க்கு மூடுவதானால் வெந்த கடலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தேங்காயின்றிக் குளிர்பெட்டியில் வைத்து, 6.30 மணிக்குப் புதிதாகத் தாளித்துத் தேங்காய் சேர்க்க வேண்டும். இவ்வளவே கூடுதல் உழைப்பு.

கடைசிக் கோடிட்ட இடம், "______ அன்று நாங்கள் வீட்டில் இருக்க இயலாது" என்பது. பல ஆண்டுகளாக அது நிரப்பப்படாமலே இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு ஒட்டினார்கள். நாள்தோறும் வீட்டில் இருப்பதே விருந்தோம்பல் என்று தோன்றலாம். ஆனால் கொலு என்பது இருவழிப் போக்குவரத்து. வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த ஆண்டு அவர்கள் வருவது குறையும். அந்தக் கட்டடத்தில் நான்கு வீடுகளில் கொலு உண்டு. நான்கு வீடுகளும் ஒரே நேரத்தில் பத்து மாலைகளும் கதவைத் திறந்து வைத்தால், கொலு வைத்த நால்வரும் ஒருவர் கொலுவை ஒருவர் காண இயலாது. வீடு ஒன்றுக்கு ஒரு மாலை வீதம், நான்கு வெவ்வேறு மாலைகளில் கதவை மூடினால் போதும். மூடிய வீட்டார் அன்று மற்ற மூன்று வீடுகளுக்கும் சென்று வரலாம். பிறருக்குக் குறைவது பத்தில் ஒரு மாலை மட்டுமே. இதற்கு நான்கு வீட்டாரும் முன்கூட்டிப் பேசி நாள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளை இருவர் தேர்ந்தால் அவ்விருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் செல்ல இயலாது.

மற்ற வீடுகளில் இந்தச் சிக்கல் அத்தனை கடுமையாக இல்லை. ஒருவர் வீட்டில் இருக்க மற்றவர் சென்று வந்தனர். ஆறாம் மாடியில் அது இயலாமற்போனதற்கு வேறு காரணம் இருந்தது. அம்மையாரின் கணவர் 2019-இல் காலமானார். ஓராண்டுத் துக்கம் முடிந்தபின் கொலு மீண்டும் வைக்கப்பட்டது. ஆனால் மாலையில் விருந்தினர் வரும்போது அம்மையார் உள்ளறைக்குச் சென்றுவிடுவார். குங்குமமும் தாம்பூலமும் கைம்பெண் கையால் தரலாகாது என்ற வழக்கத்தை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை, அவராகவே விலகிக்கொண்டார். அறுபதாண்டுப் பழைமையுடைய மரப்பாச்சி இணையின் வரலாறு, செட்டியார் பொம்மையின் முன் பரப்பும் பருப்பு வகைகளின் ஒழுங்கு, எந்தப் பொம்மை எந்த ஊரில் வாங்கியது என்பன அவருக்கு மட்டுமே தெரியும். அவற்றைக் கேட்கும் விருந்தினருக்கு, வங்கியிலிருந்து அரைமணிக்கு முன் வந்து சேர்ந்த மருமகள் தெரிந்த அளவில் விடை சொன்னார். தாம்பூலம் தர வேறு ஆளில்லை என்பதால் மருமகளால் ஒரு மாலையும் வெளியே செல்ல முடியவில்லை. மருமகள் வங்கியிலிருந்து வரும் வரை கதவையும் திறக்க முடியவில்லை.

நேரக் கணக்கு என்று தொடங்கிய பேச்சு இங்கு வந்து நின்றது. பிற்பகல் 3.30 மணிக்குக் கதவைத் திறப்பதானால் அந்த வேளையில் வீட்டில் இருப்பவர் அம்மையார் ஒருவரே. அந்த வரியைத் தாளில் எழுதுவதும் அவர் கூடத்துக்கு வருவதும் ஒரே முடிவின் இரண்டு பெயர்கள். கொல்கத்தா மூலப்படியின் பழைய வடிவத்தில் "அனைவரும்" என்ற சொல் இல்லை. "சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும்" என்றிருந்தது. அதை அடித்து "அனைவரும்" என்று திருத்தியவர் அவரது கணவரே. திருத்திய சொல்லின் கீழ் தாமே நிற்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவராக அம்மையார் இருந்தார்.

அவர் கண்ட வழி எளியது. படியின் முன் ஒரு முக்காலியில் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் வைத்தார். வருபவர் தாமே எடுத்துக்கொள்ளலாம். தாம்பூலப் பையைத் தம் கையால் கொடுத்தார். ஏற்கத் தயங்குபவர் இருந்தால் முக்காலியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தட்டும் அருகில் இருந்தது. முதல் நாள் பிற்பகல், வீட்டு வேலை செய்யும் பெண்மணியும் அதே கட்டடத்தில் வேலை செய்யும் மற்ற மூவரும் வந்து பாயில் அமர்ந்தனர். அவர்களுக்கு மராத்தி, அம்மையாருக்கு மராத்தி அரைகுறை. மஞ்சள் குங்கும நிகழ்வுகளை அவர்கள் தங்கள் ஊரில் அறிந்தவர்கள். அங்கும் கைம்பெண்கள் பின்னறையில் இருப்பதை அறிந்தவர்கள். நால்வரில் ஒருவர் கணவரை இழந்தவர். அவர் முக்காலியைத் தொடாமல் பின்னால் நின்றார். அம்மையார் தாம்பூலப் பையை எடுத்து முதலில் அவரிடம் நீட்டினார். "நானும் உன்னைப் போலத்தான், பிடி" என்று தமிழில் சொன்னார். மொழி புரியாவிட்டாலும் செய்தி புரிந்தது.

அந்தத் தட்டு பத்து நாளும் வெறுமனே இருக்கவில்லை. மாலையில் வந்த உறவினர் இருவர் அம்மையார் நீட்டிய பையைப் பார்த்தும் பாராததுபோல் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டனர். ஒருவர் மருமகள் வரும்வரை காத்திருந்தார். அம்மையார் அவர்கள் பெயர்களையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதினார், வேறெதுவும் எழுதவில்லை. மருமகள் செப்டம்பர் 27, சனிக்கிழமையன்று முதல் முறையாக மற்ற மூன்று வீட்டுக் கொலுக்களையும் கண்டுவந்தார். அன்று ஆறாம் மாடிக் கதவு மூடப்படவும் இல்லை; அம்மையார் இருந்தார். ஏழாவது கோடிட்ட இடம் மீண்டும் வெறுமையாயிற்று. இம்முறை வேறு காரணத்துக்காக.

2026-ஆம் ஆண்டுக்கான படி இப்போதே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. நவராத்திரி அக்டோபர் 11 தொடங்கி, 19-இல் ஆயுத பூசை, 20-இல் விசயதசமி. இம்முறை ஒன்பதே மாலைகள். தொடக்க நாளே ஞாயிறு. ஆகவே இரண்டு ஞாயிறுகள் கிடைக்கின்றன, இரண்டிலும் விலக்கு இல்லை. மும்பையில் முதல் நாள் சூரியமறைவு 6.20-ஐ ஒட்டி அமையும்; தொடக்க நேரம் 6.35. செவ்வாய்க்கிழமை ஒன்றே ஒன்று, அக்டோபர் 13. பிற்பகல் வரிக்கு அன்று மட்டும் விலக்கு. பென்சிலால் நிரப்பியிருக்கிறார்கள். வாசகத்தின் இறுதியில் ஒரு புதிய கோடிட்ட இடமும் சேர்ந்திருக்கிறது: "மேற்கண்ட நேரங்களில் வர இயலாதோர் தங்களுக்கு உகந்த நேரத்தை இங்கே எழுதுக: ______." அதை நிரப்பும் பொறுப்பு தாளைப் படிப்பவர்களுடையது. அதற்காகவே ஒரு பென்சிலை நூலில் கட்டித் தாளோடு தொங்கவிடப் போவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள்.